அறிவித்த பணமும் அறிவிக்காத பணமும்

"மத்திய வங்கி பண அளவை முன்கூட்டியே அறிவித்து உயர்த்தினால் உற்பத்தி மாறாதாம், சொல்லாமல் உயர்த்தினால் மட்டும் ஏன் மாறுகிறது?"

வணக்கம். 5% உயர்வை எதிர்பார்க்கும் தொழிலாளர்கள் 5% கூடுதல் கூலிக்கே ஒப்பந்தம் பேசுவார்கள். விலையும் அதே அளவு ஏறுவதால் உண்மைக் கூலி மாறாது, ஆகவே முதலாளி கூடுதல் ஆள் சேர்க்கக் காரணமில்லை. ஆனால் பணம் 8% உயர்ந்துவிட்டால், விலை கூலியைவிட அதிகமாக ஏறி உண்மைக் கூலி குறையும்; ஆகவே எதிர்பாராத 3% மட்டுமே உற்பத்தியைத் தொடும். பொருளியலாளர் லூக்காஸ் பெயரால் வழங்கும் அளிப்புச் சமன்பாட்டில், அதாவது y = y* + b(p − pᵉ) என்பதில், y உற்பத்தியையும் y* அதன் வழக்கமான அளவையும் p விலையையும் pᵉ எதிர்பார்த்த விலையையும் குறிக்கும். எதிர்பாராத விலை உயர்வுக்கு உற்பத்தி அசையும் அளவான b = 0.5 என்றும் பணச் சுழற்சி வேகம் மாறாதது என்றும் கொண்டால், விலை எதிர்பார்த்ததைவிட 2 விழுக்காடும் உற்பத்தி 1 விழுக்காடும் கூடும். அடுத்த கூலிப் பேச்சில் அந்த ஆதாயம் மறைந்துவிடும்.

இம்முடிவை முழுமையானதாக நான் ஏற்பதில்லை. 1977இல் பொருளியலாளர் ஸ்டான்லி ஃபிஷர் காட்டியபடி, கூலி ஈராண்டுக்கு முன்பே உறுதியாகியிருந்தால், அதன் பிறகு எல்லோரும் அறிந்துவிட்ட செய்திக்கு மத்திய வங்கி எதிர்வினையாற்றினாலும் உற்பத்தி அசையும்.