பணம் ஒருவர், கைவேலை ஒருவர்: நஷ்டத்தை யார் சுமப்பது?

கேள்வி: "நண்பர் 20 லட்சம் போடுகிறேன் என்கிறார். எனக்கு சிஎன்சி லேத்தில் 11 வருட அனுபவம். கோயம்புத்தூரில் ஜாப் ஒர்க் ஷெட் ஆரம்பிக்கப் போகிறோம். லாபத்தில் பாதிப் பாதி என்று பேசிவிட்டோம். பத்திரத்தில் வேறு என்ன எழுத வேண்டும்?"

நீங்கள் லாபத்தை மட்டும் பேசி முடித்திருக்கிறீர்கள். நஷ்டம் யாருக்கு என்று பேசவில்லை. கைவேலை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நண்பரின் 20 லட்சம் இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: பழைய சிஎன்சி லேத் 12 லட்சம், ஷெட் அட்வான்ஸ், வயரிங், கம்ப்ரசர் 3 லட்சம், கையிருப்பு 5 லட்சம். இரண்டு வருடத்தில் ஆர்டர் சரியாக வரவில்லை, மூடுகிறீர்கள். மெஷின் 8 லட்சத்துக்குப் போகிறது. அட்வான்ஸும் கம்ப்ரசரும் சேர்ந்து ஒன்றரை லட்சம். வசூலான பில்களில் வெளிக்கடன் எல்லாம் அடைத்தது போக இரண்டரை லட்சம். ஆக, கையில் நிற்பது 12 லட்சம். மூலதனத்தில் 8 லட்சம் குறைகிறது.

"அவர் பணம், அவருக்கு நஷ்டம், என் உழைப்பு, எனக்கு நஷ்டம்" என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். 1932ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், மூலதனத்தில் விழுந்த குறையும் நஷ்டம்தான். லாபம் பிரிக்கிற அதே விகிதத்தில் அதையும் பிரிக்க வேண்டும். 8 லட்சத்தில் பாதி, 4 லட்சம், உங்கள் தலையில். அவருக்கு மூலதனக் கணக்கு இருக்கிறது, அவர் பங்கு அதில் கழிந்துவிடும். உங்களுக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை, அதனால் வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்ட வேண்டும். இரண்டு வருட உழைப்பு எந்தக் கணக்கிலும் வராது.

இதைத் தவிர்க்க ஒரு வரி போதும்: "மூலதனத்தில் ஏற்படும் குறைவை மூலதனம் போட்ட கூட்டாளியே ஏற்க வேண்டும்." சட்டம் இதை அனுமதிக்கிறது. நண்பர் தயங்கினால் அவர் பக்கமும் நியாயம் உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை என்றால் நீங்கள் அஜாக்கிரதையாக இருப்பீர்களோ என்று அவர் பயப்படலாம். நடுவழி ஒன்று இருக்கிறது. சாதாரண வியாபார நஷ்டம் அவருடையது. அவர் கையெழுத்து இல்லாமல் நீங்கள் வாங்கிய கடன், வரம்பை மீறிய செலவு, எழுத்தில் ஒப்புக்கொண்ட ரிஜெக்‌ஷன் அளவைத் தாண்டிய பொருள் சேதம் ஆகியவை உங்களுடையவை. இது பெரும்பாலான நண்பர்களுக்கு ஒத்துவரும்.

இந்த வரி உங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும்தான் செல்லும் என்பதையும் மறக்காதீர்கள். மெட்டீரியல் கொடுத்தவரோ வங்கியோ முழுப் பாக்கியையும் உங்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். "எல்எல்பி பதிவு செய்தால் தீர்ந்தது" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எல்எல்பி என்பது கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் நிறுவன வடிவம், வெளிக்கடனுக்கு அது நல்ல வேலிதான். ஆனால் சிறு தொழிலுக்குக் கடன் தரும் வங்கி, எல்எல்பி ஆனாலும் தனிநபர் உத்தரவாதத்தில் இருவர் கையெழுத்தையும் கேட்பது வழக்கம். உங்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சை எல்எல்பியும் தானாகப் பேசிக்கொடுக்காது.

அடுத்து, பாதிப் பாதி என்கிற கணக்கு. பணத்துக்கு வாடகை உண்டு, வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டையும் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால், நல்ல வருடத்தில் ஒருவருக்கும் கெட்ட வருடத்தில் மற்றவருக்கும் மனக்கசப்பு வரும்.

ஒரு வருடத்தில் கூலி, இபி பில், இன்சர்ட், கூலன்ட், வாடகை, மெஷின் தேய்மானம் எல்லாம் போக 9 லட்சம் நிற்கிறது என்று கொள்வோம். வெறும் பாதிப் பாதி என்றால் ஆளுக்கு நாலரை லட்சம். தினமும் ஷெட்டில் நிற்கிற உங்களுக்கு மாதம் 37,500 ரூபாய்தான். பிரித்துப் போட்டுப் பாருங்கள். அவர் மூலதனத்துக்கு 12 சதவீத வட்டி 2,40,000. வெளியே போனால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய சம்பளம் மாதம் 35,000, வருடத்துக்கு 4,20,000. மீதி 2,40,000 லாபம், ஆளுக்கு 1,20,000. அவருக்கு 3,60,000, உங்களுக்கு 5,40,000. பணத்துக்கும் மரியாதை இருக்கிறது, வேலைக்கும் இருக்கிறது. பங்கு விகிதம் அப்படியே பாதிப் பாதிதான்.

எழுதாமல் விட்டால் சம்பளம் கிடையாது. உழைக்கிற கூட்டாளிக்கு ஊதியம் கேட்க உரிமை இல்லை என்பதுதான் சட்டத்தின் அடிப்படை நிலை. அதே போல, மூலதனத்துக்கு வட்டி என்று எழுதினாலும் அது லாபத்திலிருந்துதான் வரும். ஆகவே வரிசையையும் எழுதுங்கள்: முதலில் சம்பளம், நஷ்ட வருடத்திலும் உண்டு. பிறகு வட்டி, லாபம் இருந்தால் மட்டும். ஒரு வருடம் வட்டி கொடுக்க முடியாமல் போனால் அது அடுத்த வருடத்துக்குச் சேருமா, அதோடு போய்விடுமா என்பதையும் ஒரு வரியில் முடிவு செய்துவிடுங்கள்.

வருமான வரிக்காகவும் இந்தத் தொகைகள் பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வட்டி 12 சதவீதம் வரைதான் செலவாகக் கழியும். வேலை செய்கிற கூட்டாளியின் சம்பளத்துக்கும் வரம்பு இருக்கிறது: சம்பளத்துக்கு முந்தைய லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது; அதற்கு மேல் உள்ளதில் 60 சதவீதம். மேலே சொன்ன கணக்கில் வட்டி போக 6,60,000 நிற்கிறது, வரம்பு 5,76,000 வரும், உங்கள் 4,20,000 அதற்குள் அடங்குகிறது. "சம்பளம் கூட்டாளிகள் பரஸ்பரம் ஒப்புக்கொண்டபடி" என்று பத்திரம் எழுதித் தருகிறவர்கள் பலர் ஒரு அச்சுப் பத்திரத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். தொகையும் இல்லை, கணக்கிடும் முறையும் இல்லை. அந்தச் சம்பளத்தைச் செலவாக ஏற்க மாட்டோம் என்று துறை சொன்னால், நிறுவனம் அதற்கும் 30 சதவீத வரி கட்ட வேண்டிவரும். பெயரையும் விலாசத்தையும் மட்டும் மாற்றிக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தால் எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று நினைத்தாலே கோபம் வருகிறது. காசு வாங்குகிறவர்கள் நாலு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

கடமைகளில் அதிகம் தகராறு வருவது "இன்னும் கொஞ்சம் பணம்" என்ற இடத்தில். ஜாப் ஒர்க்கில் பில் போட்டு 60, 90 நாள் கழித்துத்தான் பணம் வரும். கூலியும் இபி பில்லும் மாதா மாதம் நிற்கும். மாதச் செலவு ஒன்றரை லட்சம் என்றால் மூன்று மாதத்துக்கு நாலரை லட்சம் தேவை, 5 லட்சம் கையிருப்பு அதோடு சரி. ஒரு கஸ்டமர் இழுத்தடித்தால் நாலாவது மாதம் நண்பரிடம் போய் நிற்பீர்கள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006 முதல் சட்டம் இருந்தும் நிலைமை இதுதான். அதனால் அவர் 20 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வரை போடக் கடமைப்பட்டவர், அது மூலதனமா கடனா, என்ன வட்டி என்று இப்போதே எழுதுங்கள். எழுதாவிட்டால், மூலதனத்துக்கு மேல் போட்ட கடனுக்குச் சட்டம் தரும் வட்டி 6 சதவீதம். வெளியே அதைவிட அதிகம் கிடைக்கும்போது அவர் ஏன் போடுவார்?

மற்றதெல்லாம் சுருக்கமாக இருக்கலாம். 25,000 ரூபாய்க்கு மேல் எந்தச் செலவுக்கும் இருவர் ஒப்புதல். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் வரவு செலவும் பாக்கிப் பட்டியலும் அவருக்கு. விலை பேசுவதும் ஆளை எடுப்பதும் உங்கள் பொறுப்பு. இரு வீட்டு உறவினர்களையும் வேலைக்கு எடுப்பதானால் இருவர் கையெழுத்து.

இனி பிரிவது. பத்திரத்தில் காலமோ முடிக்கும் விதமோ குறிப்பிடாவிட்டால், யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஒரு அறிவிப்பு கொடுத்துக் கூட்டைக் கலைத்துவிடலாம். அவருக்கு வீட்டில் கல்யாணச் செலவு வந்தால் உங்கள் மெஷின் விற்பனைக்கு வந்துவிடும். மூன்று வருடம் என்று காலம் வையுங்கள். அதற்குப் பிறகு விலக 6 மாத அறிவிப்பு.

விலை எப்படிப் போடுவது? ஏட்டில் உள்ள மெஷின் மதிப்பை நம்பாதீர்கள். வருமான வரிக் கணக்கில் மெஷினுக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம், குறைகிற மதிப்பின் மேல் கழியும். மூன்று வருடத்தில் 12 லட்சம் சுமார் 7,37,000 என்று நிற்கும். சந்தையில் அது 9 லட்சமும் போகலாம், 5 லட்சமும் போகலாம். பழைய மெஷின் வியாபாரிகள் இருவரிடம் எழுத்தில் விலை வாங்கி, சராசரியை எடுப்பது என்று எழுதுங்கள். வரவேண்டிய பாக்கியை வசூலான பிறகே பங்கு போட வேண்டும், இல்லையென்றால் வராத பணத்துக்கு நீங்கள் ரொக்கம் கொடுப்பீர்கள்.

"ஒருவர் விலை சொல்ல வேண்டும், மற்றவர் வாங்கலாம் அல்லது விற்கலாம்" என்ற முறையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். இருவரிடமும் பணம் இருந்தால் அது நியாயமான முறை. உங்கள் விஷயத்தில், உங்களால் உடனே திரட்ட முடியாது என்று தெரிந்து அவர் குறைவாகச் சொல்லிவிடலாம். ஆகவே வாங்கும் முதல் உரிமை வேலை தெரிந்தவருக்கு, 18 மாதத் தவணை, பாக்கிக்கு இன்ன வட்டி என்று சேர்த்து எழுதுங்கள். இதை எழுதாமல் அவர் பங்கைத் தீர்க்காமலே தொழிலை நடத்தினால், அவர் தன் பணத்தால் வந்த லாபத்தையோ 6 சதவீத வட்டியையோ, எது வசதியோ அதைக் கேட்கலாம். கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், ஷெட் ஒப்பந்தம், கஸ்டமர் கூப்பிடும் போன் நம்பர் ஆகியவை யாருக்கு என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும். ஷெட் ஒப்பந்தம் அவர் பெயரில் மட்டும் இருந்தால் மெஷின் உங்களுடையதானாலும் நிற்க இடம் இருக்காது.

இரண்டே பேர் கூட்டில் ஒருவர் இறந்தால் கூட்டு முடிந்துவிடும். அவருடைய வாரிசுகள் கணக்குக் கேட்பார்கள். அவர்களுக்கும் இதே விலை முறையும் இதே தவணையும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தால், துக்க வீட்டில் போய்ப் பேரம் பேசும் நிலை இரு குடும்பத்துக்கும் வராது.

பத்திரம் எழுதியதோடு நிற்காமல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயமில்லை என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் பதிவில்லாத நிறுவனம் பில் தராத கஸ்டமர் மேல் வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாமே தவிர, பத்திரத்தில் உள்ள உரிமையைக் காட்டி நண்பர் மேலும் போட முடியாது. பிரியும் நாளில் அதே அலுவலகத்துக்கு அறிவிப்பு கொடுங்கள், அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் விளம்பரம் போடுங்கள். அது வரைக்கும் நண்பர் கடையின் பெயரில் வாங்குகிற கடனுக்கு உங்களையும் கேட்பார்கள்.