ஆபரேஷன் நோயாளிக்கு கேர் பிளான்: கோலும் இவால்யுவேஷனும்

"நான் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. குடல்வால் ஆபரேஷன் முடிந்தவருக்கு கேர் பிளான் எழுதினேன். கோலை அளக்க முடியாது, இவால்யுவேஷனில் செய்த வேலையையே திரும்ப எழுதியிருக்கிறாய் என்று மேடம் திருப்பிவிட்டார். எப்படித் திருத்துவது?"

கோளாறு பெரும்பாலும் டயக்னோசிஸிலேயே தொடங்கிவிடும். ஒரு உதாரணம். குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர், 40 வயது ஆண். மறுநாள் காலை வலி பத்துக்கு 7 என்கிறார். இருமச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுக்கிறார். மூச்சு மேலோட்டமாக, நிமிடத்துக்கு 26. ஆக்சிஜன் அளவு 94 சதவீதம்.

முதல் டயக்னோசிஸ், 'அறுவைக் காயத்தில் திசு சேதமடைந்ததால் கடும் வலி. சான்று: வலி அளவு 7, இரும மறுப்பது'. காரணம் என்ற இடத்தில் 'அப்பெண்டிசெக்டமி' என்று எழுதாதீர்கள். அது டாக்டர் செய்த சிகிச்சை, நர்ஸால் மாற்றக்கூடியது அல்ல. இரண்டாவது, வலியால் மூச்சு மேலோட்டமாவது. மூச்சுதானே முதலில் வர வேண்டும் என்று கேட்பீர்கள். ஆக்சிஜன் 90-க்குக் கீழே இறங்கினால் அப்படித்தான். இவருக்கு மூச்சைக் கெடுப்பதே வலி என்பதால் வலியை முன்னே வைப்பேன்.

'வலி குறையும்' என்பது கோல் ஆகாது. யார், எதை, எவ்வளவு, எப்போதுக்குள் என்று நான்கும் தெரிய வேண்டும்: 'ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் நோயாளி வலி 3 அல்லது அதற்குக் கீழ் என்று சொல்வார், வயிற்றில் தலையணையை அணைத்தபடி இருமுவார்.'

இன்டர்வென்ஷன் ஒவ்வொன்றுக்கும் காரணம் பக்கத்திலேயே வரட்டும். டாக்டர் எழுதிய வலி ஊசியை நடக்கவைப்பதற்கும் ஸ்பைரோமீட்டர் பயிற்சிக்கும் முன்பே போடுவது, வலி ஏறியபின் அடக்குவது கடினம் என்பதால். பாதி உட்கார்ந்த நிலையில் படுக்கவைத்து முழங்காலைச் சற்று மடக்கினால் வயிற்றுத் தசை தளரும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை ஸ்பைரோமீட்டர் இழுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரியும். ஓபியாய்டு ஊசி என்றால் மூச்சின் எண்ணிக்கையும் மயக்கமும் பார்ப்பதைச் சேருங்கள்.

இவால்யுவேஷன் கோலுக்கான பதில். அதில் 'ஊசி போடப்பட்டது' என்ற வரிக்கு இடமில்லை. 'காலை 10 மணிக்கு ஊசி. 11 மணிக்கு வலி 4. தலையணையோடு இரண்டு முறை இருமினார், மூச்சு 20. கோல் ஓரளவு நிறைவேறியது. டாக்டரிடம் தெரிவித்தேன், வலி மருந்தைத் திருத்தி எழுதினார். பிற்பகல் 2 மணிக்கு மறுபடி பார்ப்பேன்.' முழுதாக நிறைவேறியதாகக் காட்ட 4-ஐ 3 ஆக்க வேண்டாம். ஓரளவு நிறைவேறியது என்று எழுதி, அடுத்து என்ன செய்வேன் என்பதைக் காட்டினாலே மதிப்பெண் வரும்.

தொற்று அபாயத்தைச் சேர்த்தால் அதில் 'சான்று' பகுதி கிடையாது, அபாயக் காரணிகள் மட்டும். ஆனால் இரண்டு மூன்று நாளில் வலி குறையாமல் கூடி, காய்ச்சலோடு வயிறு கல்லாக இறுகினால் அதைக் காய வலி என்று எழுதாமல் உடனே டாக்டரை அழையுங்கள். உள்ளே சீழ் கட்டியிருக்கலாம்.