ஆண்டுக் கடைசியில் வந்த பராமரிப்புக் கட்டணப் பாக்கி: கடைக்காரர் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மூன்று தளக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் 900 சதுர அடிக் கடையை வாடகைக்கு எடுத்துச் சேலையும் பூசைப் பொருள்களும் விற்று வருகிறேன். வாடகை போக, பொதுப் பராமரிப்புக்குச் சதுர அடிக்கு 30 சென் வீதம் மாதம் 270 ரிங்கிட் தவறாமல் கட்டுகிறேன். இப்போது, கடந்த ஆண்டுக்கு இன்னும் 3,937 ரிங்கிட் 50 சென் கட்ட வேண்டும் என்று ஒரு பக்கக் கணக்கு வந்திருக்கிறது. மேல்தளம் முழுவதும் ஆண்டு முழுக்கக் காலியாகவே கிடந்தது. உரிமையாளர் என் அப்பா வேலை செய்த தோட்டத்தில் கிராணியாக இருந்த பெரியவர். அவர் மனம் நோகாமல் இந்தக் கணக்கு சரிதானா என்று பார்ப்பது எப்படி? ஒப்பந்தத்தின் நகலையும் கணக்கையும் இணைத்திருக்கிறேன். – ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஒப்பந்தத்தில் பராமரிப்புக் கட்டணம் பற்றிய பிரிவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பிரிவு, மாதந்தோறும் நீங்கள் கட்டும் தொகை முன்பணம்தான் என்றும், ஆண்டு முடிந்ததும் உண்மையான செலவைக் கணக்கிட்டுக் கூடுதலை உங்களிடம் வாங்குவதோ மிச்சத்தைத் திருப்பித் தருவதோ நடக்கும் என்றும் சொல்கிறது. ஆகவே கூடுதல் தொகை கேட்க உரிமையாளருக்கு வழி இருக்கிறது. சதுர அடிக்கு 30 சென் என்று மட்டும் எழுதி, ஆண்டிறுதிச் சரிக்கட்டலைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒப்பந்தமாக இருந்தால், செலவு எவ்வளவு ஏறினாலும் அந்த 30 சென்னுக்கு மேல் அவர் கேட்க முடியாது.

அதே பிரிவு உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் தெளிவாகச் சொல்கிறது: கட்டடத்தில் வாடகைக்கு விடக்கூடிய மொத்தப் பரப்பில் உங்கள் கடையின் பரப்பு எத்தனை விழுக்காடோ, அத்தனை விழுக்காடு. ஒவ்வொரு தளமும் 6,000 சதுர அடி என்பதால் மொத்தம் 18,000 சதுர அடி. அதில் 900 சதுர அடி என்பது 5 விழுக்காடு. ஆனால் உங்களுக்கு வந்த கணக்கில் 7.5 விழுக்காடு என்று போடப்பட்டிருக்கிறது. 900ஐ 12,000ஆல் வகுத்தால்தான் அந்த எண் கிடைக்கும். அதாவது காலியாக இருந்த மேல்தளத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, ஆள் இருக்கும் இரண்டு தளங்களுக்கும் முழுச் செலவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. வாடகைக்கு ஆள் கிடைக்காததால் வரும் இழப்பு கட்டட உரிமையாளருடையது. மற்றக் கடைக்காரர்கள் அதைச் சுமக்க வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தம் எங்கும் சொல்லவில்லை. நான் பார்க்கும் பராமரிப்புக் கணக்குகளில் மிக அதிகமாக வரும் பிழை இதுதான். பக்கத்தின் அடியில் ஒரே ஒரு விழுக்காடாக நிற்பதால், செலவுகளை வரிவரியாகப் பார்ப்பவர்கள்கூட இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இதற்கு உரிமையாளர் பக்கத்திலிருந்து ஒரு நியாயமான வாதம் வரலாம், அதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். காலியான தளத்தை யாரும் துப்புரவு செய்யாததால், 16,800 ரிங்கிட் துப்புரவுச் செலவு முழுவதும் இரண்டு தளங்களுக்கே ஆனது, அதை 18,000 சதுர அடிக்குப் பரப்பினால் மூன்றில் ஒரு பங்கு தம் கையை விட்டுப் போகும் என்று அவர் சொல்லலாம். ஆள் கூடினால் கூடி, குறைந்தால் குறையும் செலவுகளுக்கு மட்டும் அந்த வாதம் பொருந்தும். காவலாளியின் சம்பளமும் தீக்காப்புறுதியும் மின்தூக்கிப் பராமரிப்பும் மேல்தளத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றேதான். துப்புரவுக்கு மட்டும் அவர் சொல்கிறபடி 7.5 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டாலும் உங்களுக்கு 420 ரிங்கிட்தான் கூடும். ஒப்பந்தப்படி அதையும் நீங்கள் தர வேண்டியதில்லை. ஆனால் நெடுநாள் பழக்கத்தை மதித்து விட்டுக்கொடுக்க விரும்பினால், எவ்வளவை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கூரை. கணக்கில் காவல், துப்புரவு, பொது மின்சாரமும் தண்ணீரும், மின்தூக்கிப் பராமரிப்பு, சிறு பழுதுபார்ப்பு, தீக்காப்புறுதி ஆகிய ஆறும் சேர்ந்து 65,000 ரிங்கிட். அவற்றுக்கு அடுத்த வரியில் ‘கூரை வேலை’ என்று 22,000 ரிங்கிட் நிற்கிறது. ஒழுகும் இடத்தில் தகடு மாற்றி அடைப்பது பழுதுபார்ப்பு, அது பராமரிப்பில் சேரும். பழைய கூரையைக் கழற்றிவிட்டுப் புதுக்கூரை போட்டிருந்தால் அது கட்டடத்தின் ஆயுளையும் மதிப்பையும் கூட்டும் மூலதனச் செலவு. உங்கள் பிரிவு பராமரிப்பு, துப்புரவு, பழுதுபார்ப்பு என்ற மூன்றைத்தான் சொல்கிறது. புதுப்பிப்பு, மாற்றீடு என்ற சொற்கள் அதில் இல்லை. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் கடைக்காரர், இருபது ஆண்டு நிற்கப்போகும் கூரைக்கு ஒரே ஆண்டில் பங்கு கொடுப்பது எந்த வகையிலும் பொருந்தாது. மூலதனச் செலவை அனுமதிக்கும் ஒப்பந்தங்களிலும் அதை ஆயுட்காலத்துக்குப் பிரித்து வாங்குவதுதான் முறை. அப்படிப் பிரித்தால் ஆண்டுக்கு 1,100 ரிங்கிட், அதில் உங்கள் 5 விழுக்காடு 55 ரிங்கிட். இன்னொன்றையும் தவறாமல் கேளுங்கள்: புயல்காற்றில் கூரை பறந்ததால் இந்த வேலை நடந்திருந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீடு கொடுத்ததா? காப்புறுதிச் சந்தாவில் உங்களிடம் பங்கு வாங்கிக்கொண்டு, இழப்பீட்டைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது.

கடைசி வரியில் ‘நிர்வாகக் கட்டணம் 10 விழுக்காடு’ என்று 8,700 ரிங்கிட் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூரைச் செலவின் மீதும் அது போடப்பட்டிருப்பதால், கூரை நீங்கினால் அதற்குரிய 2,200 ரிங்கிட்டும் நீங்கிவிடும். அதைவிட முக்கியம், நிர்வாகக் கட்டணம் வாங்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அப்படி ஒன்றும் இல்லை. பின்னிணைப்பு ஏதேனும் இருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். உரிமையாளரின் கணக்கில் மொத்தம் 95,700 ரிங்கிட், அதில் 7.5 விழுக்காடு 7,177 ரிங்கிட் 50 சென், நீங்கள் ஏற்கெனவே கட்டிய 3,240 போக மீதி அவர் கேட்கும் தொகை. விழுக்காட்டை மட்டும் 5 என்று திருத்தினால் உங்கள் பங்கு 4,785, பாக்கி 1,545 ஆகக் குறைகிறது. கூரையையும் எடுத்துவிட்டால் 65,000மும் அதற்கான நிர்வாகக் கட்டணம் 6,500மும் சேர்ந்து 71,500, உங்கள் பங்கு 3,575, பாக்கி 335 ரிங்கிட். நிர்வாகக் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லையென்றால் உங்கள் பங்கு 3,250, பாக்கி வெறும் 10 ரிங்கிட்.

இந்த 65,000மும் சரிதானா என்பதற்கு ஆதாரப் பத்திரங்களைப் பார்த்தாக வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக் குவிக்க வேண்டாம். பெரிய தொகைகள் மூன்றையும் தீக்காப்புறுதியையும் பார்த்தால் போதும். காவலுக்கும் துப்புரவுக்கும் குத்தகை ஒப்பந்தமும் கட்டணச் சீட்டுகளும் கேளுங்கள். அந்த ஆட்கள் உரிமையாளரின் வேறு கட்டடத்துக்கும் வேலை செய்தால் செலவு பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். மின்சாரத்துக்குத் தெனாகாவின் மாதக் கட்டணச் சீட்டுகளைத் தேதிப்படி அடுக்குங்கள். பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று சீட்டுகள் இருந்தால் முந்தைய ஆண்டின் டிசம்பரும் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். பிறகு அந்தப் பொது மீட்டரிலிருந்து படிக்கட்டு விளக்கும் மின்தூக்கியும் மட்டும் இயங்குகின்றனவா, அல்லது உரிமையாளரின் அலுவலகக் குளிர்சாதனமோ கூரைமேல் இருக்கும் தொலைபேசிக் கோபுரமோ அதோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பார்த்துவிடலாம். காப்புறுதியில், கட்டடத்துக்கான சந்தா மட்டுமே உங்களைச் சேரும். அவர் இழக்கும் வாடகைக்கான காப்புறுதி சேராது. உங்கள் கடையையும் ஒருமுறை நாடா பிடித்து அளந்து பாருங்கள். முன்னிருக்கும் ஐந்தடி நடைபாதையை உங்கள் 900இல் சேர்த்துவிட்டு, மொத்தப் பரப்பில் மற்றக் கடைகளின் நடைபாதையைச் சேர்க்காமல் விட்டிருந்தால் விகிதம் தவறிவிடும்.

பெரியவரிடம் நேரில் சென்று பேசுங்கள். ஆனால் அன்றே ஒரு கடிதத்தையும் கையில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘கணக்கில் தவறு’ என்று தொடங்காமல், எந்தப் பரப்பை வைத்து 7.5 விழுக்காடு வந்தது, கூரையில் நடந்த வேலை என்ன, நிர்வாகக் கட்டணம் எந்தப் பிரிவின்படி என்ற மூன்று கேள்விகளையும், பார்க்க விரும்பும் சீட்டுகளையும் எழுதினால் போதும். பல ஆண்டுகள் செக்ரோல் பார்த்துப் பழகிய கிராணிக்கு, கணக்குக்கு ஆதாரம் கேட்பது அவமரியாதையாகத் தோன்றாது என்றே நம்புகிறேன். ஆவணங்களைப் பார்க்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லையென்றால் அவர் மறுக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் தொகை கேட்டால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சேரும்.

இதற்கிடையில் வாடகையையும் மாதம் 270 ரிங்கிட்டையும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்படி, வாடகை பாக்கிக்காக உரிமையாளர் நீதிமன்ற ஆணை பெற்று, கடையிலுள்ள சரக்கைக் கைப்பற்ற முடியும். பராமரிப்புக் கட்டணமும் வாடகையாகவே கருதப்படும் என்று சில ஒப்பந்தங்கள் எழுதிவைப்பதால், தீபாவளிக்கு வாங்கி அடுக்கிய சேலைகளை அந்த ஆபத்தில் வைக்கக் கூடாது. சர்ச்சையில்லாத தொகையை, அதாவது நிர்வாகக் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் 335 ரிங்கிட்டை, இல்லையென்றால் 10 ரிங்கிட்டை, ‘மீதியை ஏற்கவில்லை’ என்று எழுதிக் காசோலையாகக் கொடுத்துவிடுங்கள்.

முந்தைய ஆண்டுகளின் கணக்குகளிலும் இதே 7.5 விழுக்காடு இருந்திருந்தால், கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். ஒப்பந்தம் சார்ந்த கோரிக்கைக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. பேச்சில் தீராமல் போனால், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைத் தனிமனிதர் ஒருவர் வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாகத் தொடுக்கலாம். அதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் அபராதத்துடன் இப்போதும் கட்டலாம்.

உங்கள் கட்டடம் ஒரே உரிமையாளருடையது என்பதால் இவ்வளவும் சொன்னேன். தனித்தனி உரிமையாளர்கள் உள்ள அடுக்குக் கட்டடங்களில் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் பொருந்தும்; அங்கே நிர்வாகக் குழு உரிமையாளருக்கு அனுப்பும் சீட்டையே காட்டச் சொல்லி, உங்களிடம் கேட்கும் தொகையோடு ஒப்பிடலாம்.

மின்தூக்கியைத் தரைத்தளக் கடைக்காரர் பயன்படுத்துவதே இல்லை என்றாலும், ஒப்பந்தம் அதை விலக்காததால் அந்த 6,000 ரிங்கிட்டில் உங்கள் 300ஐ இந்த ஆண்டு கொடுக்கத்தான் வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தரைத்தளத்துக்கு மின்தூக்கிச் செலவு இல்லை என்றும், உங்கள் பங்கு 5 விழுக்காட்டைத் தாண்டாது என்றும், சீட்டுகளைப் பார்க்க முப்பது நாள் அவகாசம் உண்டு என்றும் மூன்று வரிகள் சேர்க்கச் சொல்லுங்கள். மேல்தளம் காலியாக இருக்கும் இந்த நேரத்தில், இருக்கும் கடைக்காரரையும் இழக்க அவர் விரும்பமாட்டார்.