டோட்டல் லாஸ் ஆன வண்டியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைப்பது எப்படி: கேள்வி பதில்

பதில் எழுதுபவர், ஈரோட்டில் வாகனக் காப்பீட்டு இழப்பீட்டுப் பிரிவில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

காங்கயம் வாசகர்: அக்கா, தாராபுரம் சாலையில் என் கார் புளிய மரத்தில் மோதி நொறுங்கிவிட்டது. வண்டி திருப்பூர் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ‘டோட்டல் லாஸ்’ என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆர்.சி., இரண்டு சாவி, கையெழுத்திட்ட படிவம் 28, 29, 30, 35, முத்திரைத்தாளில் உறுதிமொழி, கடன் தடையின்மைச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பான ஐ.டி.வி. 5,60,000 ரூபாய். கடன் பாக்கி 2,10,000. படிவங்களை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் பணக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வோம். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். உங்கள் வண்டிக்கு அந்தக் கோடு 4,20,000 ரூபாய். ஒர்க்‌ஷாப் மதிப்பீட்டில் இதற்கு மேல் இருக்கிறதா என்று சர்வேயரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்றால் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். வண்டியை முழுதாக அவர்களிடம் விட்டுவிட்டால் 5,59,000 வரவேண்டும். பாலிசியில் கடன் கொடுத்தவரின் பெயர் இருப்பதால், 2,10,000 நேராக அங்கே போய்விடும். மீதி 3,49,000 உங்களுக்கு. பாலிசி ஆண்டு முழுவதும் ஐ.டி.வி. அதேதான், விபத்து பத்தாவது மாதத்தில் நடந்தது என்பதற்காக யாரும் தேய்மானம் கழிக்க முடியாது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். கடன் அடையாமல் ஃபைனான்ஸ்காரர் தடையின்மைச் சான்று தர மாட்டார். சான்று இல்லாமல் பணம் விட மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லும். இரு பக்கமும் உங்களை அலைய விடுவார்கள். நீங்கள் ஃபைனான்ஸ்காரரிடம் கேட்கவேண்டியது முன்கூட்டி முடிக்கும் கணக்குக் கடிதம். இந்தத் தேதி வரை இத்தனை ரூபாய் வந்தால் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35உம் தருகிறோம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அதைக் காப்பீட்டு நிறுவனத்தில் கொடுத்தால் கடன் தொகையை நேரடியாக அனுப்புவார்கள். கடிதத்தில் உள்ள கடைசித் தேதியைக் கவனியுங்கள். அது கடந்துவிட்டால் வட்டி ஏறி, சில நூறு ரூபாய் குறைவாகப் போய்ச் சேர்ந்து, அந்தச் சில நூறு ரூபாய்க்காகவே சான்று நின்றுவிடும்.

இனி அந்த 29உம் 30உம். வண்டியை இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தரும் அறிவிப்பு 29. வாங்குபவர் தன் பெயருக்கு மாற்றக் கேட்கும் விண்ணப்பம் 30. அதிலும் உங்கள் கையெழுத்து இருக்கும். சொல்லும்போது நிறுவனத்தின் பெயருக்கு மாற்றம் என்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை நிறுவனம் தன் பெயரில் ஆர்.சி. மாற்றிக்கொள்வது மிக அரிது. சேதமான வண்டியை ஏலத்தில் எடுக்கும் பழைய வண்டி வியாபாரியிடம் உங்கள் படிவங்கள் அப்படியே போகின்றன. அவர் பெயர் மாற்றாமல் இன்னொருவருக்கு விற்பார். பதிவேட்டிலோ உங்கள் பெயரே நிற்கும்.

அந்த வண்டியைத் தட்டிச் சரிசெய்து யாரோ ஓட்டி, யார் மீதாவது மோதினால் நீதிமன்ற நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வண்டி பலர் கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. வண்டி காயலான் கடைக்குப் போய்விடும், அதன் ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும் மட்டும் விலைபோகும். அதே நிறத்துத் திருட்டுக் கார் ஒன்று உங்கள் எண்ணில் ஓடத் தொடங்கும்.

நானே என் ஆரம்ப ஆண்டுகளில் மேசைக்கு வந்தவர்களிடம் நிரப்பாத படிவம் வாங்கியிருக்கிறேன். அப்படித்தான் வழக்கம் என்றார்கள், நம்பினேன். இரண்டு வருடம் கழித்து, நான் கையெழுத்து வாங்கிய ஒரு விவசாயி சம்மனோடு வந்து நின்றார். நாங்கள் எங்கோ ஒரு கோப்பில் வைத்திருந்த ரசீது அவரைக் காப்பாற்றியது. அவர் கையில் ஒரு தாள்கூட இல்லை. அன்றிலிருந்து யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்.

படிவம் 29ஐ இரண்டு பிரதிகளாக எழுதுங்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, வண்டியைக் கொடுத்த தேதி மூன்றையும் உங்கள் கையாலேயே நிரப்புங்கள். விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. அந்த வேலையை வியாபாரியிடம் விடாமல் டெலிவரி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் நீங்களே அனுப்புங்கள்: உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு ஒன்று, வாங்குபவர் வேறு எல்லை என்றால் அந்த ஆர்.டி.ஓ.வுக்கும் ஒன்று. படிவம் 28 வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்கான தடையின்மை விண்ணப்பம். வாங்குபவர் ஈரோட்டுக்காரர் என்றால் அது எதற்கு என்று கேளுங்கள்.

வண்டியை இழுத்துச் செல்ல வரும் அன்று, இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன சேஸிஸ் எண்ணுள்ள வண்டியும் இரண்டு சாவிகளும் ஒரிஜினல் ஆர்.சி.யும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்குங்கள். ஃபாஸ்டேக்கைக் கிழித்துவிட்டு வங்கியில் கணக்கையும் மூடுங்கள். நிலுவை அபராதம் இருந்தால் கட்டிவிடுங்கள். அது பெயர் மாற்றத்தை மறிக்கும். இரண்டு மாதம் கழித்து parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரைப் பாதி மறைத்துக் காட்டும், ஆனாலும் மாறியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

காங்கயம் வாசகர்: அக்கா, ஏலம் முடிந்தால்தான் வாங்குபவர் பெயர் தெரியும், அதுவரை காத்திருந்தால் பணம் தாமதம் ஆகும் என்கிறார் ஏஜென்ட்.

சேதமான வண்டிக்கு விலை கேட்காமல் எந்த நிறுவனமும் கணக்கை முடிப்பதில்லை, தம்பி. உங்களுக்குக் கடிதம் வரும்போதே பெரும்பாலும் விலை கேட்டவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உண்மையிலேயே தெரியவில்லை என்றால், பெற்றுக்கொள்பவர் இடத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையே எழுதுங்கள். சிலர் ஏற்பார்கள், சிலர் மறுப்பார்கள். மறுத்தால், வண்டி கைமாறிய நாளிலிருந்து வரும் எல்லாப் பொறுப்பும் நிறுவனத்துடையது, வாங்குபவர் விவரத்தை இத்தனை நாளுக்குள் தருகிறோம் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். முத்திரைத்தாளில் உங்களிடம் உறுதிமொழி கேட்கிறார்களே, அவர்களிடம் நீங்கள் ஒரு வரி கேட்பதில் தவறே இல்லை. ஆனால் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தும் கட்டணம் நாள் கணக்கில் ஏறும், அதைப் பாலிசி தராது.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: இதெல்லாம் தேவையே இல்லைங்க. வண்டி அழிந்துவிட்டால் 14 நாளில் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ.விடம் சரண்டர் செய்தால் போதும், சட்டமே அதைத்தான் சொல்கிறது. என் மச்சான் அப்படித்தான் செய்தார்.

நீங்கள் சொல்லும் சட்டம் சரி, 55ஆவது பிரிவு. ஆனால் அது இனி ஓடவே முடியாத வண்டிக்கு: எரிந்து கூடாகிப் போனது, சேஸிஸ் முறிந்தது போன்றவை. டோட்டல் லாஸ் என்றாலே வண்டி அழிந்துவிட்டது என்று பொருளில்லை, சரிசெய்வது கட்டுப்படியாகாது என்பதுதான். அதனால் காப்பீட்டு நிறுவனத்தில் விலை இரண்டு விதமாகக் கேட்பார்கள், ஆர்.சி.யோடு ஒன்று, ஆர்.சி. இல்லாமல் ஒன்று. ஆர்.சி.யோடு போகும் வண்டிக்கு விலை அதிகம். அவர்கள் ஆர்.சி.யோடு என்று கணக்கு முடித்த பிறகு நீங்கள் போய் ரத்து செய்துவிட்டால், அந்த விலை வித்தியாசத்தை உங்கள் தொகையில் பிடிப்பார்கள், இல்லையென்றால் கோப்பு நின்றுவிடும். உங்கள் மச்சானுக்கு நிறுவனமே ரத்துச் சான்று கேட்டிருக்கும். எனக்கு விட்டால் ரத்து செய்வதைத்தான் விரும்புவேன், அதில்தான் நிம்மதி. ஆனால் கடிதத்தில் எது கேட்டிருக்கிறது என்று பார்த்து, மாற்ற வேண்டுமானால் கணக்கு முடியும் முன்னரே எழுத்தில் கேளுங்கள்.

சங்ககிரி லாரி உரிமையாளர்: ஐந்து வருடத்துக்கு முன் என் லாரி கவிழ்ந்து டோட்டல் லாஸ் ஆனது. எல்லாம் கொடுத்துவிட்டேன், பணமும் வந்தது. இப்போது காலாண்டு வரி பாக்கி என்று எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறதுங்க.

லாரிக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. காரை விட உங்களுக்கு ஒரு வேலை கூடுதல், அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: பர்மிட்டைத் திருப்பிக் கொடுத்து, வண்டி ஓடவில்லை என்று வரிப் பிரிவுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத வரை வண்டி ஓடுவதாகவே அலுவலகம் கணக்கு வைக்கும்.

இப்போது செய்யக்கூடியது, கிளெய்ம் எண்ணைச் சொல்லி நிறுவனத்திடம் இழப்பீட்டுக் கடிதம், வண்டியை ஒப்படைத்த ரசீது, வாங்கியவரின் பெயர் மூன்றும் எழுத்தில் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் சேர்த்து ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுங்கள். நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பழைய வரியைத் தள்ளுபடி செய்வார்களா என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. கோப்பைப் பார்க்கும் அதிகாரியும் உங்கள் காகிதங்களும்தான் அதை முடிவு செய்யும். இதே நிலையைக் கடந்து வந்த லாரிக்காரர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

அவிநாசி வாசகர்: என் மாமனாரின் 17 வருடக் காரை இந்த முறையில் காப்பீட்டு நிறுவனத்துக்கே கொடுத்துவிடலாமா? ஓடுகிறது, ஆனால் யாரும் வாங்குவதில்லை.

முடியாதுங்க. விபத்தோ திருட்டோ நடந்து கிளெய்ம் இருந்தால்தான் நிறுவனம் வண்டியை எடுக்கும். உங்களுக்கு வேண்டியது அரசு அனுமதி பெற்ற வாகன உடைப்பு நிலையம். அங்கே தரும் சான்றை வைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். சாதாரணக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு ஆர்.சி.யை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பொள்ளாச்சி வாசகி: அப்பா அந்த விபத்திலேயே தவறிவிட்டார். வண்டி அவர் பெயரில். அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். வீட்டில் நானும் தம்பியும் இருக்கிறோம்.

மனதைத் தேற்றிக்கொள், கண்ணு. அம்மா கையெழுத்து மட்டும் போதாது. தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும், அம்மாவுக்குக் கொடுக்கச் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும். ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31. அதை முடித்து அம்மா பெயரில் ஆர்.சி. வந்த பிறகு 29, 30 கொடுப்பதுதான் சுத்தமான வழி. சில நிறுவனங்கள் வாரிசுகளின் உறுதிமொழியோடு நேராகவே எடுத்துக்கொள்கின்றன; அப்படிக் கேட்டால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். அப்பாவின் பெயரில் போட்ட கையெழுத்தோ பழைய தேதியிட்ட படிவமோ எங்கும் போகக்கூடாது, யார் சொன்னாலும். பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது 15 லட்சம், வண்டிக்கான தொகையிலிருந்து முற்றிலும் தனி. அதை உங்கள் வீட்டில் யாரும் இன்னும் கேட்கவில்லை என்றே உன் கேள்வியிலிருந்து தோன்றுகிறது.