இடவலம் மாறிய படமும் ஏமாந்துபோகும் எழுத்துணரியும்: கேள்வி பதில்

ஆவணங்களைப் படம் பிடித்து, அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். கண்ணாடிப் படங்கள் என்னை ஏமாற்றியதுண்டு. அதனால் கேள்விகளை இன்று அந்தப் பக்கமே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: உடற்பயிற்சிக்கூடத்தில் பெரிய கண்ணாடி முன் நின்று செல்ஃபி எடுத்தேன். பின்னால் இருக்கும் மின்னணுக் கடிகாரம் படத்தில் 02:51 என்று காட்டுகிறது. எழுத்துணரியில் போட்டுப் பார்த்தேன், அதுவும் 02:51 என்றே சொல்கிறது. ஆனால் நான் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டேன். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. கடிகாரம் பழுதா?

பதில்: கடிகாரம் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். நீங்கள் எடுத்தபோது மணி 12:50 என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிகாரங்களில் ஒவ்வோர் எண்ணும் ஏழு சிறு கோடுகளால் ஆனது. கண்ணாடியில் பார்த்தால் 0, 8 இரண்டும் மாறுவதில்லை. 1 தன் கட்டத்துக்குள் ஓரம் மாறி நிற்கும், அவ்வளவே. ஆனால் 2 அப்படியே 5 ஆகிவிடும், 5 அப்படியே 2 ஆகிவிடும். எண்களின் வரிசையும் புரளும். 12:50-ஐப் பின்னாலிருந்து எடுங்கள்: 0, 5, 2, 1. அதில் 5-ஐ 2 ஆக்குங்கள், 2-ஐ 5 ஆக்குங்கள். 02:51 கிடைக்கும். உருக்குலையாத, நம்பத் தகுந்த, முழுக்கப் பொய்யான நேரம்.

எழுத்துணரி இங்கே தவறு செய்யவில்லை. படத்தில் இருப்பதை அது சரியாகவே வாசித்திருக்கிறது. கடிகாரத்தில் 3, 4, 6, 7, 9 இவற்றில் ஒன்று இருந்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். கண்ணாடியில் அவை எந்த எண்ணாகவும் ஆகாமல் திரிந்து நிற்கும், 3 மட்டும் ஆங்கில E போலத் தெரியும். உங்கள் நேரத்தில் அப்படி ஓர் எண்கூட இல்லாமல் போனது துரதிர்ஷ்டம்.

படத்தைப் பெரிதாக்கி இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, எண்களின் சாய்வு. இவ்வகை எண்கள் பல கருவிகளில் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். உங்கள் படத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் படம் புரண்டது. இரண்டாவது, கடைசியில் உள்ள 1. நேரான கடிகாரத்தில் 1 என்பது தன் கட்டத்தின் வலது ஓரத்தில் எரியும், ஆகவே அதற்கும் முந்தைய 5-க்கும் நடுவே இடைவெளி இருக்கும். புரண்ட படத்தில் 1 அந்த 5-ஐ ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்றும் உண்டு: 12 மணிக் கணக்கில் ஓடும் பல கடிகாரங்கள் முன்னால் பூஜ்யம் காட்டுவதில்லை. உங்கள் கூடத்துக் கடிகாரம் அந்த வகை என்றால் 02 என்பதே சந்தேகத்துக்குரியது.

கோப்பின் விவரங்களில் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும், அதையும் பாருங்கள். செய்திச் செயலி வழியாக வந்த பிரதியில் அது பெரும்பாலும் நீங்கியிருக்கும். உங்கள் கைபேசியில் உள்ள மூலப் படம் வேண்டும்.

கேள்வி: இதற்கு இவ்வளவு விளக்கமா? கண்ணாடியில் தெரியும் நேரத்தை 12 மணியிலிருந்து கழித்தால் உண்மையான நேரம் வந்துவிடும். பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்ததுதான். அவர் எடுத்தது 9:09 மணிக்கு.

பதில்: கணக்கு சரி, கடிகாரம் வேறு. நீங்கள் சொல்வது முள் ஓடும் கடிகாரத்துக்குப் பொருந்தும். கண்ணாடியில் 1:50 என்று தெரிந்தால் உண்மையில் 10:10, அதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே புரள்வது முட்களின் கோணம். மின்னணுக் கடிகாரத்தில் புரள்வது எண்ணின் வடிவமும் வரிசையும். அங்கே கழித்தலுக்கு வேலையே இல்லை.

கேள்வி: நூற்றுக்கணக்கான படங்களில் சில இடவலம் மாறியவை. Tesseract என்ற எழுத்துணரியில் `--psm 0` கொடுத்தால் திசையைக் கண்டுபிடிக்கும் என்று படித்தேன். மாறிய படங்களுக்கும் Rotate: 0 என்றே வருகிறது. 180 பாகை சுழற்றியும் பார்த்தேன், பயனில்லை.

பதில்: அந்தச் சோதனை சுழற்சியை மட்டுமே கேட்கிறது: 0, 90, 180, 270. படம் கண்ணாடியில் விழுந்ததா என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை. சுழற்சியும் புரட்டலும் வேறு வேறு. ஒரு தாளை மேசைமேல் எப்படிச் சுழற்றினாலும் b என்பது d ஆகாது, தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமாகப் பார்த்தால்தான் ஆகும்.

கையாளும் வழி எளிது. ஒவ்வொரு படத்தையும் நேராக ஒரு முறை, புரட்டி ஒரு முறை என இரண்டு தடவை வாசிக்கச் செய்யுங்கள். புரட்டுவது ImageMagick என்ற மென்பொருளின் magick கட்டளை, வாசிப்பது Tesseract.

```
magick a.jpg -auto-orient n.png
magick n.png -flop p.png
tesseract n.png - -l tam+eng tsv
tesseract p.png - -l tam+eng tsv
```

வெளியீட்டில் conf என்ற நெடுவரிசை, ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு உறுதியோடு வாசித்தது என்று சொல்லும். -1 என்று வரும் வரிகளை விட்டுவிடுங்கள், அவை சொற்கள் அல்ல. எந்தப் பிரதியின் சராசரி தெளிவாக உயர்ந்திருக்கிறதோ அதுவே நேரான படம். இரண்டும் நெருங்கி வந்தால் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

முதல் வரியில் உள்ள `-auto-orient`-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைப் பல கைபேசிகள் படுக்கையாகவே சேமித்து, "காட்டும்போது சுழற்று" என்ற குறிப்பை Orientation என்ற எண்ணாக உடன் வைக்கின்றன. அந்தக் குறிப்பை நிறைவேற்றாமல் புரட்டினால், காட்டும்போது படம் இடவலம் மாறாமல் மேல்கீழாக மாறியிருக்கும். நான் ஒரு முறை ஒரு கோப்புறை முழுவதையும் இப்படிக் கெடுத்துவிட்டு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த எண் 2, 4, 5, 7 இவற்றில் ஒன்றாக இருந்தால் புரட்டலும் அந்தக் குறிப்பிலேயே அடங்கியிருக்கிறது என்று பொருள். குறிப்பை மதிக்கும் மென்பொருள் நேராகவும், மதிக்காதது திருப்பியும் பார்க்கும். ஒரே படத்தை இரண்டு மென்பொருள்கள் இரண்டு விதமாக வாசித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

TAXI போன்ற சொற்களிடம் மட்டும் கவனம். அதில் உள்ள எல்லா எழுத்துகளும் இடவலம் ஒத்தவை. புரண்ட படத்தில் IXAT என்று பளிச்சென்று தெரியும், எழுத்துணரியும் தயங்காமல் அதையே சொல்லக்கூடும். தமிழில் இந்த ஆபத்து குறைவு. ப ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆனால் ட-வின் மூலை மறுபக்கம் போய்விடும், சுழிகள் எல்லாம் எதிர்த்திசையில் வளையும். என் அனுபவத்தில் புரண்ட தமிழ்ப் பலகையிலிருந்து வருவது குப்பை. குப்பை வந்தால் கோளாறு என்று தெரிந்துவிடும், அது நல்லதுதான்.

கேள்வி: தம்பி, செல்ஃபி எடுக்கும்போது திரையில் நன்றாக இருக்கிறேன். எடுத்து முடித்தபின் பார்த்தால் முகம் கோணலாக, வேறு யாரோ மாதிரி இருக்கிறது. கைபேசியை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. முன்பக்கக் கேமரா திரையில் காட்டுவது கண்ணாடி முகம், நீங்கள் தினமும் பார்த்துப் பழகியது. சேமிக்கும்போது பல கைபேசிகள் அதை நேராக்கிவிடுகின்றன. சேமித்த படத்தில் இருப்பதுதான் மற்றவர்கள் பார்க்கும் நீங்கள். திரையில் தெரிந்தபடியே வேண்டும் என்றால் ஐபோனில் கேமரா அமைப்புகளில் Mirror Front Camera என்பதையும், சாம்சங்கில் Save selfies as previewed என்பதையும் இயக்குங்கள். அப்போது முகம் பழகியபடி இருக்கும், பின்னால் உள்ள பெயர்ப்பலகை திரும்பியிருக்கும்.

கேள்வி: நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. என் பனியனில் பிரபல நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. கண்ணாடி செல்ஃபியில் அது திரும்பித்தான் இருந்தது. படத்தை விவரிக்கும் செயலி பெயரைத் தப்பில்லாமல் சொல்லிவிட்டது. இப்போதைய செயலிகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பதில்: பெயரைச் சொன்னது உண்மை. ஆனால் வாசித்துச் சொன்னதா, பார்த்த ஞாபகத்தில் சொன்னதா? பிரபலமான சின்னத்தை நிறமும் வடிவமுமே காட்டிக்கொடுத்துவிடும். பொருள்களை அடையாளம் காணச் செயலிகளைப் பழக்கும்போது படங்களை வேண்டுமென்றே இடவலம் புரட்டியும் காட்டுவது நெடுநாள் வழக்கம். இடப்பக்கம் பார்க்கும் பூனையும் பூனை, வலப்பக்கம் பார்க்கும் பூனையும் பூனை. எழுத்து வாசிக்கப் பழக்கும்போது அப்படிச் செய்வதை அநேகமாகத் தவிர்ப்பார்கள், b-யும் d-யும் ஒன்று என்று கற்றுக்கொண்டால் வேலை கெட்டுவிடும் அல்லவா?

ஒரு சோதனை செய்யுங்கள். தாளில் K7QFR2 என்று பொருளற்ற ஒரு குறியீட்டை எழுதிப் பிடித்துக்கொண்டு அதே கண்ணாடி முன் எடுங்கள். ஊகிக்க எதுவும் இல்லாத இடத்தில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சில செயலிகள் எழுத்து திரும்பியிருப்பதைக் கவனித்துச் சொல்லவும் செய்கின்றன, அதை மறுக்கவில்லை. எப்போது கவனிக்கும், எப்போது கோட்டைவிடும் என்று என்னால் விதி சொல்ல முடியாது. மோதிரம் எந்தக் கையில் என்றும் கேட்டுப் பாருங்கள். எழுத்தைச் சரியாகச் சொன்ன செயலியே கையைத் தவறாகச் சொல்லக்கூடும்.

கேள்வி: காணொளி அழைப்பில் ஒரு தாளைக் காட்டினேன், எனக்கே எழுத்து திரும்பித் தெரிந்தது. எதிரில் இருப்பவர் எப்படிப் படிப்பார்? க்யூஆர் குறியீடு என்றால் என்ன ஆகும்?

பதில்: பொதுவாக உங்கள் திரையில் மட்டுமே கண்ணாடி. எதிரில் இருப்பவருக்கு நேராகத்தான் போகிறது, தாளைத் திருப்பிப் பிடித்துக் குழப்பாதீர்கள். க்யூஆர் புரண்டாலும் பல வாசிப்பான்கள் மறுமுறை திருப்பிப் போட்டு முயன்று எடுத்துவிடும்.

கேள்வி: கடிகாரக் கேள்வி கேட்டவன்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். எண்கள் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன, 1 ஐந்தை ஒட்டியிருக்கிறது. கோப்பு விவரத்திலும் 12:50! ஒரு நிமிடம் கழித்து எடுத்த படத்தில் மட்டும் கடிகாரம் சரியாக 12:51 காட்டுகிறதே, அது எப்படி? இன்னொன்று: அதே கண்ணாடியில் எடுத்த எடைக்கருவிப் படத்தில் 58 கிலோ என்று இருந்தது. அதை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

பதில்: 12:51-ஐப் புரட்டினால் மறுபடியும் 12:51-தான் வரும், நீங்களே போட்டுப் பாருங்கள். 20:05-உம் அப்படியே. அந்த நிமிடங்களில் கண்ணாடி பொய் சொல்வதில்லை.

எடைக்கருவி விஷயத்தில் வருந்துகிறேன். அதுவும் ஏழு கோட்டு எண் என்றால், 58 என்று தெரிவது 82.