வரைவிலிருந்து சட்டகத்தைத் திரும்ப எடுத்தல்

என் மாணவியின் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியும் அவர் முன்வைக்கும் வாதத்துக்குத் துணைநிற்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒவ்வொரு பத்தியும் உண்மையில் நிறுவுவதை ஓரத்தில் ஒரே முழு வாக்கியமாக எழுதி, மைய வாதத்துக்கும் அதற்கும் நடுவே ‘ஏனெனில்’ என்ற சொல்லை வைத்துப் படித்துப் பாருங்கள். ‘தூக்கம் பற்றி’ என்று வெறும் தலைப்பாகக் குறித்தால் எல்லாப் பத்திகளும் பொருந்துவதுபோலவே தோன்றும். பலரும் தவறுவது இங்குதான்.

‘வீட்டுப்பாடத்தைக் குறைத்தால் மாணவர்களின் தூக்கம் கூடும்’ என்பது வாதம் என்று கொள்வோம். மூன்றாம் பத்தி தரும் வாக்கியம், ‘தூக்கம் குறைந்தால் நினைவாற்றல் மங்கும்’. இங்கே ‘ஏனெனில்’ ஒட்டாது: பத்தி தூக்கத்தின் தேவையைச் சொல்கிறதே தவிர, அதைக் கெடுப்பது வீட்டுப்பாடம்தான் என்று காட்டவில்லை. உடனே நீக்கச் சொல்லிவிடாதீர்கள். வாதத்தை நினைவாற்றல் வரை விரித்தால், காரணத்தைக் காட்டும் பத்திக்குப் பின்னால் இதற்கு இடம் உண்டு.

இந்த ஓர வாக்கியங்களை மாணவி தாமே எழுதினால், கட்டுரையில் எழுதியதை விட்டுவிட்டு எழுத நினைத்ததையே குறித்துவிடுவார்; ஆகவே முதல் முறை நீங்கள் எழுதுங்கள்.