ஜெனரேட்டர் கரண்ட் யூனிட் என்ன விலை?

கேள்வி: எங்கள் பேக்கரியில் 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் மணிக்கு எவ்வளவு செலவாகிறது, ஒரு யூனிட் என்ன விலைக்கு விழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கம்பெனிக்காரர் கொடுத்த அட்டவணையை விட உங்கள் டேங்க்கே சரியாகச் சொல்லும். ஜெனரேட்டரை நிறுத்தி வைத்து, டேங்க்கில் ஒரு குறி வரை டீசல் ஊற்றுங்கள். வழக்கமான லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். மறுபடி அதே குறி வரை அளவு குடுவையால் ஊற்றினால், ஊற்றிய அளவுதான் செலவான டீசல்.

அடுத்து யூனிட். ஈபி மீட்டர் இதற்கு உதவாது. அது சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு முன்னால் இருப்பதால் ஜெனரேட்டர் ஓடும்போது நின்றுவிடும். ஜெனரேட்டர் பேனலில் யூனிட் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். 11, 8, 7 என்று காட்டுகிறது என்று வைப்போம். கூட்டினால் 26. அதை 230 வோல்ட்டாலும் பவர் ஃபேக்டர் 0.85 ஆலும் பெருக்கினால் சுமார் 5,080 வாட், அதாவது மணிக்கு 5.1 யூனிட். ஃப்ரீசர் மோட்டார் விட்டுவிட்டு ஓடும் என்பதால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து தடவை பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

ஊற்றிய டீசல் 1.9 லிட்டர், விலை லிட்டர் 92 ரூபாய் என்றால் மணிக்கு 175 ரூபாய். 5.1ஆல் வகுத்தால் யூனிட் 34 ரூபாய் சொச்சம். ஆயில், ஃபில்டர் செலவு தனி.

இத்தோடு விட்டுவிடாதீர்கள், கடை அடைத்த பிறகும் ஒரு முறை அளந்து பாருங்கள். ஒரு ஃப்ரீசரும் நாலு விளக்கும் மட்டும் என்றால் லோடு 1.2 கிலோவாட்தான் இருக்கும். ஆனால் டீசல் அதே விகிதத்தில் குறையாது. இன்ஜின் தன்னைச் சுற்றிக்கொள்ளவே முக்கால், ஒரு லிட்டர் குடித்துவிடும். 1.1 லிட்டர் போனால் மணிக்கு 101 ரூபாய், யூனிட்டுக்கு 84 ரூபாய்! மணிச் செலவு குறைந்த மாதிரி தெரியும். யூனிட் விலை இரண்டரை மடங்கு ஆகியிருக்கும்.

இப்படிக் குறைந்த லோடில் அடிக்கடி நெடுநேரம் ஓட்டினால் டீசல் முழுதாக எரியாது. சைலன்சர் வாயில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு கசிந்தால் அதுதான் அடையாளம். உங்கள் 15 கேவிஏ என்பது சுமார் 12 கிலோவாட். முடிந்தவரை 4 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காமல் ஓட்டுங்கள். இரவு நேர லோடை மட்டும் இன்வர்ட்டரில் மாற்றுவது பற்றி எலக்ட்ரீஷியனிடம் பேசுங்கள். ஃப்ரீசர் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டையும் சேர்த்துத்தான் அதன் அளவைத் தேர்வு செய்ய வேண்டும்.